கீழே ஓர் ஆங்கில வரி: பொங்கல் படங்களுக்கு இருமொழிக் கேப்ஷன் எழுதிப் பார்த்தது

2025 ஜனவரி 14ஆம் தேதி காலையில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டு வாசலில் பானை பொங்கி வழிந்த நொடியைப் படம் பிடித்து, கீழே தமிழில் ஒரே ஒரு வரி எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டேன். பத்து நிமிடத்தில் புனேயைச் சேர்ந்த அலுவலகத் தோழி பதில் எழுதினார்: பால் எல்லாம் கொட்டிவிட்டதே, அடுப்பு அணைந்துவிட்டதா, திரும்பவும் முதலிலிருந்து வைக்க வேண்டுமா என்று உண்மையான கவலையோடு கேட்டிருந்தார். அவர் மேல் பிழையில்லை. படத்தில் இருப்பது நுரைத்து வழியும் ஒரு பானையும், அதைச் சுற்றி நின்று வாய் திறந்து கத்தும் ஏழெட்டுப் பேரும்தான். குலவையையும் பதறலையும் அசையாத படத்தில் பிரித்தறிய முடியாது. வழிவதற்காகத்தான் பானையே வைத்தோம் என்ற ஒரு செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். என் பதிவுகளைப் பார்க்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஊர்க்காரர்களும் உறவினர்களும்; மறுபாதி மைசூரு, புனே, லூதியானா, கோட்டயம் என்று பல ஊர்களிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்கிறவர்கள். இந்த இரண்டாம் பாதிக்குப் பொதுவான மொழி ஆங்கிலம்தான் என்பதால் எந்த மொழியைச் சேர்ப்பது என்ற கேள்வி எழவில்லை. எப்படிச் சேர்ப்பது என்பதற்குத்தான் அந்த மூன்று நாள்களும் போயின. போகி முதல் ஊர் திரும்பும் நாள் வரை எடுத்த படங்களில் 14ஐத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வரியும் ஒரு சிறிய ஆங்கில வரியும் எழுதுவது என்று உட்கார்ந்தேன். அதில் எது சரிவந்தது, எது சொதப்பியது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பானைப் படத்தையே எடுத்துக்கொண்டேன். அதன் தமிழ் வரி, ‘பொங்கி வழிஞ்சாச்சு, இனி இந்த வருஷம் குறையில்லை!’ என்பது. அம்மா அடுப்படியில் நின்று சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். இதற்குக் கீழே, பள்ளிக்கூடத்தில் பத்தி மொழிபெயர்ப்புச் செய்த பழக்கத்தில், சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் எழுதினேன்.

```
It has boiled over; henceforth this year
there shall be no lack.
```

எழுதி முடித்துப் படித்தபோது ஜோசியர் ஓலையைப் பிரித்துச் சொல்வதைப் போல இருந்தது. அதைவிடப் பெரிய குறை, தோழியின் கேள்விக்கு இதில் பதிலே இல்லை என்பது. பானை வழிந்தது என்பது படத்திலேயே தெரிகிறது; வழிவது நல்லது என்பதுதான் அவருக்குத் தெரியாதது. ‘குறையில்லை’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் அந்த நம்பிக்கை தமிழ் வரியிலேயே வெளிப்படையாக இல்லை. படிக்கிறவரிடம் அது முன்பே இருக்கிறது என்பதால் நாம் அதை எழுதுவதில்லை. எழுதாத ஒன்றை மொழிபெயர்க்க வழியில்லை. செயலியில் இருக்கும் மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தபோதும் இதே கதைதான். பேச்சு வழக்கில் எழுதிய வரியில் அது தடுமாறியதோடு, ‘குறையில்லை’ என்பதைக் குற்றமில்லை என்ற பொருளில் எடுத்துக்கொண்டு, யாரோ யாரையோ மன்னித்ததைப் போல ஒரு வாக்கியத்தைக் காட்டியது.

எனவே ஆங்கில வரியை எழுதுவதற்கு முன், தமிழ் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்தேன். இந்த ஊரையும் இந்த வழக்கத்தையும் அறியாத ஒருவர் இதில் எதைத் தவறாகப் புரிந்துகொள்வார் என்று கேட்டுக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழ் வரி அம்மாவின் குரலாகவே இருந்தது. ஆங்கில வரி, பக்கத்தில் வந்து நிற்கும் நண்பரின் காதில் மெல்லச் சொல்வதாக மாறியது.

```
பொங்கி வழிஞ்சாச்சு, இனி இந்த வருஷம் குறையில்லை!
It's meant to boil over. That's the luck.
```

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இரண்டு வரியையும் படிப்பார்கள். இரண்டும் ஒன்றையே சொன்னால், சாப்பிட்டு எழுந்தவர் இலையில் மறுபடியும் அதே சோற்றைப் போட்டதைப் போல இருக்கும். இங்கே ஒவ்வொரு வரிக்கும் அதனதன் வேலை இருக்கிறது.

ஆனால் இந்த வடிவமும் போட்டவுடன் உதவவில்லை. கேப்ஷனுக்கு 2,200 எழுத்துக்குறிகள் வரை இடம் இருக்கிறது என்றாலும், படங்கள் வரிசையாக ஓடும் முகப்பில் என் போனில் முதல் இரண்டு வரிகள்தான் தெரிகின்றன. மீதி ‘மேலும்’ என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. போதாததற்கு, முதல் வரியின் தொடக்கத்தில் நம் கணக்கின் பெயரும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் தமிழ் வரி அந்தப் பெயரைத் தாண்டி ஓடி, கடைசிச் சொல் மட்டும் இரண்டாம் வரிக்கு இறங்கிவிட்டது. மூன்றாம் வரிக்குத் தள்ளப்பட்ட ஆங்கிலத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒருவர் தமக்குப் புரியாத வரியைத் தொட்டு விரிக்க வேண்டும். தமிழ் தெரியாதவர் அதை எதற்காகச் செய்வார்? யாருக்காக எழுதினேனோ அவர் கண்ணில் மட்டும் படாத வரியாக அது இருந்தது.

நீளத்தை எண்ணிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. நாம் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. ‘பொ’ நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் அது பகரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு. ‘ங்’ என்பதில் புள்ளி தனியாக எண்ணப்படும். அந்தத் தமிழ் வரியில் கண்ணுக்கு 23 எழுத்துகள்தான். இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் சேர்த்துக் கணினிக்கு 47. எண்ணிக்கை வரம்பு வைத்திருக்கும் இடங்களில் இந்த இரண்டாவது கணக்குத்தான் செல்லும். முகப்பில் வரி உடைவதோ எண்ணிக்கையைப் பார்த்து அல்ல, அகலத்தைப் பார்த்து. தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தைவிட அகலமானது என்பதால், 41 குறிகள் கொண்ட ஆங்கில வரி ஒரே வரியில் அடங்கிவிட, 23 எழுத்துத் தமிழ் வரி அடங்கவில்லை.

‘இனி’ என்ற ஒரு சொல்லை எடுத்தேன். வரி 21 எழுத்தாகச் சுருங்கி, பெயரோடு சேர்ந்து முதல் வரியிலேயே முடிந்தது. ஆங்கிலம் இரண்டாம் வரிக்கு ஏறி வந்தது. அம்மா ‘இனி’ என்றுதான் சொன்னார், அது போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பொருள் குறையவில்லை. கணக்கின் பெயர் நீளமாக இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு மூன்று எழுத்து குறையும். அதை அவரவர் போனில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு வெற்று வரியோ, ஒற்றைப் புள்ளி வைத்த வரியோ விடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தெரியும் இரண்டு வரிகளில் ஒன்றை அது தின்றுவிடும். அதனால் 14 படங்களிலும் இரண்டு வரிகளையும் ஒட்டியே வைத்தேன். ஆங்கிலத்தை மேலே போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று மைசூரு நண்பர் கேட்டார். ஒரே ஒரு படத்தில் அப்படிச் செய்தும் பார்த்தேன். அன்று மாலை சித்தி போன் செய்து, யாருக்கோ எழுதின கடுதாசியைப் பிரித்துப் படித்ததைப் போல இருக்கிறது என்றார். அந்தப் படத்தையும் மாற்றிவிட்டேன். வரவேற்பறைக்கு விருந்தாளி வரட்டும், ஆனால் வீட்டுக்காரர்கள் திண்ணைக்குப் போக வேண்டியதில்லை.

அடுத்த தொல்லை உறவுமுறைச் சொற்களில் வந்தது. மூன்றாம் படத்தில் சித்தப்பா முழங்காலில் வைத்துக் கரும்பை முறிக்கிறார்; ஏழாம் படத்தில் மாமா, தம் வேட்டி நுனியைச் சவைத்துக்கொண்டிருக்கும் கன்றுக்குட்டியை முறைக்கிறார். ஆங்கிலத்தில் இருவருமே அங்கிள். முதல் வரைவில் இரண்டு படத்திலும் அந்தச் சொல்லையே எழுதி, லூதியானா நண்பரிடம் காட்டினேன். கரும்பு உடைத்தவருக்கு இதற்குள் மீசை எப்படி முளைத்தது என்று கேட்டார். இரண்டு பேரையும் ஒருவர் என்று நினைத்துக்கொண்டு, படங்கள் வேறு வேறு ஆண்டில் எடுத்தவை என்று அவராகவே ஒரு கதையும் கட்டியிருந்தார்.

அப்பாவின் தம்பி என்று ஒவ்வொரு முறையும் விரித்து எழுதினால் ஆங்கில வரி குடும்ப அட்டையாகிவிடும். அதனால் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் வைத்து, முதல் முறை மட்டும் அது யார் என்று சொல்லி, பிறகு சொல்லை மட்டும் புழங்கவிடுவது என்று முடிவு செய்தேன்.

```
சித்தப்பா கரும்பு ஒடிச்சா தெருவுக்கே கேக்கும்.
Chithappa, dad's little brother, vs. sugarcane.
```

அதன் பிறகு ஒன்பதாம் படத்திலும் பன்னிரண்டாம் படத்திலும் வெறும் ‘சித்தப்பா’தான். பன்னிரண்டாம் படத்துக்குக் கீழே புனேத் தோழி, ‘மறுபடியும் சித்தப்பாவா!’ என்ற பொருளில் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை அவர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தார். மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது அதுதான். மாமா படத்துக்கு மட்டும், வியக்கும்படி, நேர் மொழிபெயர்ப்பே போதுமானதாக இருந்தது. முறைப்பும் கன்றுக்குட்டியின் அலட்சியமும் எல்லா ஊருக்கும் பொது.

```
மாமா முறைச்சார், கன்னுக்குட்டி கண்டுக்கல.
Mama glared. The calf didn't notice.
```

இதிலும் ஒரு சிறு வம்பு உண்டு. ‘மாமா’ என்பது கன்னடம், மராத்தி, இந்தி என்று எல்லாவற்றிலும் தாய்மாமனைக் குறிக்கும் என்பதால் அவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஆனால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர் படித்தால் கன்றுக்குட்டியின் அம்மா முறைத்ததாக நினைத்துவிடக்கூடும். என் நண்பர் வட்டத்தில் அப்படி யாரும் இல்லாததால் விட்டுவிட்டேன். இருந்திருந்தால் வேறு வரி எழுதியிருப்பேன்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கும் எல்லை இருக்கிறது, அந்த எல்லை பெரும்பாலும் ழகரத்தில் வருகிறது. ஏழு காய் போட்ட பொங்கல் குழம்பின் படத்துக்கு, சொல்லை அப்படியே வைக்கும் ஆசையில் இப்படி எழுதினேன்.

```
Ezhu kaai kuzhambu
```

கோட்டயத்து நண்பர் சரியாகப் படித்தார். மலையாளத்திலும் ழகரத்தை இதே இரண்டு எழுத்தில்தான் எழுதுகிறார்கள். லூதியானா நண்பர் ‘குஸாம்பு’ என்று படித்துவிட்டு, அது மரக்கறியா மீனா என்று கேட்டார். சொல் வாயில் நுழையவில்லை, பொருளும் தெரியவில்லை என்னும்போது அந்தச் சொல்லை வைத்திருப்பதில் யாருக்கும் பயனில்லை. ‘சித்தப்பா’ மூன்று படங்களில் வந்து பழகும் சொல். குழம்பு ஒரே படத்தில் வந்து போவது. ஒருமுறை மட்டும் வரும் சொல்லுக்கு ஆங்கிலத்தையே வைத்துவிட வேண்டும் என்று அன்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கடைசியில் அந்தப் படத்துக்கு நான்கே சொல் எழுதினேன்.

```
ஏழு காய்க்கும் ஒரே சண்டை, யார் முதல்ல வேகுறதுன்னு.
Seven vegetables, one pot.
```

ஒப்பிட்டுச் சொல்வதும் எளிய வழியாகத் தெரியும், ஆனால் அதில் வழுக்கி விழுந்தேன். போகி அன்று விடியற்காலையில் பழைய பாயையும் கூடையையும் போட்டுக் கொளுத்திய படம் முதலாவது. அதே ஜனவரி 13ஆம் தேதிதான் பஞ்சாபில் லோஹ்ரி. அங்கும் நெருப்பு மூட்டுவார்கள். லூதியானா நண்பரை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘தமிழர்களின் லோஹ்ரி’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். அவர் மகிழ்ந்துபோய், நெருப்பைச் சுற்றி வந்து எள்ளும் வேர்க்கடலையும் போட்டீர்களா, பாட்டு உண்டா, எத்தனை மணி வரை நடந்தது என்று வரிசையாகக் கேட்டார். எங்கள் ஊர்ப் போகியில் இவை எதுவும் கிடையாது. லோஹ்ரி இரவில் கூடிக் கொண்டாடும் நெருப்பு. எங்களுடையது வீட்டைக் கழுவி ஒழுங்குபடுத்துவதன் கடைசி வேலை, சூரியன் வருவதற்குள் முடித்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவோம். ஒரு சொல்லில் அவரைச் சேர்த்துக்கொண்டதாக நினைத்து, அவருடைய பண்டிகையையும் எங்களுடையதையும் சேர்த்தே தவறாகச் சொல்லியிருந்தேன். வரியை மாற்றி, படத்தில் உள்ளதையும் அது நடந்த நேரத்தையும் மட்டும் எழுதினேன்.

```
பழைய பாய்க்கு விடை, அப்பத்தாவுக்கு மட்டும் மனசு வரல.
Bhogi: old mats go before sunrise.
```

தமிழ் வரியில் இருக்கும் அப்பத்தாவின் மனக்கிலேசம் ஆங்கிலத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே வரியில் திணிக்கப் போனால் ஆங்கிலம் நீண்டு, சிறிய வரி என்ற நோக்கமே போய்விடும். எட்டுச் சொல்லுக்கு மேல் போகும் ஆங்கில வரி என் கையில் பெரும்பாலும் விளக்கவுரையாக மாறிவிடுகிறது என்பதையும் கவனித்தேன்.

இந்த வரிகளை எல்லாம் போடுவதற்கு முன் இரண்டு பேரிடம் சோதித்தேன். புனேத் தோழிக்குப் படத்தையும் ஆங்கில வரியையும் மட்டும் அனுப்பி, இங்கே என்ன நடக்கிறது என்று அவர் சொல்லில் சொல்லச் சொன்னேன். சித்திக்குப் படத்தையும் தமிழ் வரியையும் மட்டும் காட்டி, ஒன்றும் கேட்காமல் முகத்தைப் பார்த்தேன். மாட்டுப் பொங்கல் படம் இந்தச் சோதனையில்தான் பிடிபட்டது. கொம்பு சீவி, நீலமும் சிவப்பும் பூசி, கழுத்தில் சலங்கை கட்டிய பசுவின் படத்துக்குப் பண்டிகையின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். தோழி, இது ஜல்லிக்கட்டுக்குப் போகும் மாடா என்று கேட்டார். செய்திகளில் தமிழ்நாடு, ஜனவரி, மாடு என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஜல்லிக்கட்டில் விடுவது காளையை, படத்தில் இருப்பது பால் கறக்கும் பசு என்பது அவர் கண்ணில் படவில்லை. அந்தப் பசுவுக்கு அன்று வேலையே இல்லை என்பதை எழுதியதும் குழப்பம் தீர்ந்தது.

```
லட்சுமிக்கு இன்னிக்குக் குளியல், கொம்புக்குப் பூச்சு!
Mattu Pongal: the cows get the day off.
```

வாட்ஸ்அப் ஸ்டேட்டசுக்காக இதே வரிகளைப் படத்தின் மேலேயே எழுதிப் போட விரும்பியபோது வேறு வகைச் சிக்கல் வந்தது. போனில் இருக்கும் அலங்கார எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் இல்லை. ஆங்கில வரி சுழித்துச் சுழித்து அழகாக வந்து நிற்க, தமிழ் வரி போனின் வழக்கமான எழுத்திலேயே நின்றது. இரண்டும் வெவ்வேறு ஆள் எழுதியதைப் போலத் தெரிந்தது. கூகுளின் இலவச எழுத்துருத் தொகுப்பில் உள்ள Mukta Malar தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே கையெழுத்தாக வரைந்த எழுத்துரு என்பதால் அதை எடுத்துக்கொண்டு, 14 படத்துக்கும் ஒன்றாக எழுத ஒரு சிறு பைதான் நிரல் எழுதினேன்.

பானைப் படம் வந்ததும் திடுக்கிட்டேன். ‘பொங்கி’ என்பதில் பகரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் வந்திருந்தது. ‘வழிஞ்சாச்சு’ என்பதன் கடைசியில் ‘சு’ ஒரே எழுத்தாகச் சேராமல், சகரம் தனியாகவும் உகரக் குறி தனியாகவும் நின்றன. எழுத்துருவில் பிழையில்லை. தமிழ் எழுத்தை வரையும்போது குறிகளை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கி, சேர வேண்டியவற்றைச் சேர்க்கும் ஒரு படி இருக்கிறது. படத்தில் எழுத நான் பயன்படுத்திய பில்லோ நிரலகத்தில் அந்த வேலையை ‘ராக்ம்’ என்ற துணை நிரலகம் செய்கிறது. அது இல்லையென்றால் குறிகள் தட்டச்சான வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் பதிந்துவிடும். ஆங்கிலத்துக்கு இந்தப் படி தேவையில்லாததால் ஆங்கில வரி ஒரு குறையுமில்லாமல் வரும். தமிழ் படிக்கத் தெரியாதவர் சரிபார்த்தால் எல்லாம் சரியாகவே இருப்பதாகச் சொல்வார். இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வரி போதும்.

```
from PIL import features
print(features.check("raqm"))
```

எனக்கு `False` என்று வந்தது. ராக்ம் நிறுவி, `True` வந்த பிறகு அதே நிரலை ஓட்டியதும் கொம்பு தன் இடத்துக்குப் போயிற்று. ஒரு படத்தை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் ‘கொ’, ‘றை’, ‘சு’ மூன்றும் வரும் ஏதாவது ஒரு சொல்லை எழுதிப் பார்ப்பது போதுமானது. இவை மூன்றும் ஒழுங்காக வந்தால் மற்றவையும் வரும் என்பது என் அனுபவம்.

அளவைப் பொறுத்தவரை, 1080க்கு 1920 என்ற நிற்கும் படத்தில் தமிழை 54 என்ற அளவிலும் ஆங்கிலத்தை 40 என்ற அளவிலும் வைத்தேன். இரண்டையும் ஒரே அளவில் வைத்தபோது கண் முதலில் எதைப் படிப்பது என்று தெரியாமல் அலைந்தது. தமிழுக்கு மேலே வளைவும் கீழே சுழியும் உண்டு என்பதால், இரண்டு வரியாக மடியும் இடத்தில் வரி இடைவெளியை எழுத்தளவின் ஒன்றரை மடங்காக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் மேல் வரியின் ‘கு’வும் கீழ் வரியின் ‘லி’யும் முட்டிக்கொண்டன. மடியும் இடத்தையும் நிரலிடம் விடாமல் நானே காற்புள்ளிக்குப் பின் உடைத்தேன்.

கடைசிப் படம் ஊர் திரும்பும் நாளில் எடுத்தது. வாசற்படியில் அப்பத்தா நிற்கிறார், நாங்கள் காருக்குள் இருந்து எடுத்திருக்கிறோம். ‘போயிட்டு வர்றோம் அப்பத்தா’ என்பது தமிழ் வரி. இதற்கு ஆங்கிலம் எழுத ஒரு முழு மாலை போயிற்று. விடைபெறும் வழக்கமான ஆங்கிலச் சொல்லை எழுதினால் ‘வர்றோம்’ காணாமல் போகிறது; போய் வருகிறோம் என்று அப்படியே எழுதினால் கடைக்குப் போய்த் திரும்புவதைப் போல இருக்கிறது; நாங்கள் போகிறேன் என்று சொல்லமாட்டோம் என்று விளக்கினால் அது பாடமாகிவிடுகிறது. என் விதியையே திரும்பப் பார்த்தேன்: இந்தப் படத்தை யாராவது தவறாகப் புரிந்துகொள்வார்களா? வாசலில் நின்று கையசைக்கும் ஒரு கிழவியை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. அவர் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

```
போயிட்டு வர்றோம் அப்பத்தா.
Appatha, at the gate.
```

மார்ச் மாதத்தில் அப்பத்தா காலமானார். அத்தை மகன் முந்திக்கொண்டு, அப்பத்தா பொக்கை வாயோடு சிரிக்கும் ஒரு படத்தைப் போட்டு, ‘எங்கள் ஆலமரம் சாய்ந்தது’ என்று தமிழில் மட்டும் எழுதியிருந்தான். மாலை போட்ட சட்டகப் படமாக இருந்திருந்தால் இந்தியாவில் யாருக்கும் புரிந்திருக்கும். இது சிரிக்கும் படம். அரை மணி நேரத்தில் அவனுடைய கல்லூரித் தோழர்கள் நான்கைந்து பேர் இதயக் குறி இட்டிருந்தார்கள், ஒருவர் பிறந்தநாள் வாழ்த்தே சொல்லியிருந்தார். பிறகு விஷயம் தெரிந்து ஒவ்வொருவராக அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவன் அவர்களைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

நான் எழுதியபோது பொங்கலுக்கு வைத்த விதிகளில் இரண்டை விட்டுவிட்டேன். ஆங்கிலத்தை மேலே வைத்தேன். படத்தைப் பார்ப்பதற்கும் குறியைத் தட்டுவதற்கும் இடையில் இருக்கும் அந்த ஒரு நொடிக்குள் செய்தி போய்ச் சேர வேண்டியிருந்தது. இரண்டு வரியும் ஒன்றையே சொல்லும்படியும் எழுதினேன். ஆலமரம், விண்ணுலகம், ஓய்வு என்று எதையும் தொடவில்லை.

```
My grandmother, Appatha, passed away this morning.
எங்கள் அப்பத்தா இன்று அதிகாலை காலமானார்.
```

சித்தி இந்த முறை வரிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புனேத் தோழி பதிவின் கீழே எதுவும் எழுதாமல் போன் செய்து, ‘அந்த வாசல்ல நின்ன அப்பத்தாவா?’ என்று கேட்டார்.